இன்றே சொல்லிவிடுங்கள்

வரன் பிடிக்கவில்லை என்றால் மதுரைப் பக்கம் தரகரிடம் "ஆடி போகட்டும், பார்ப்போம்" என்கிறோம். பெண்ணைப் பெற்றவர்கள் அதை நம்பி, வருகிற வேறு வரன்களைத் தள்ளிப்போடுகிறார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. ஜாதகத்தின் மேல் பழி போட்டாலும் தரகர் விடமாட்டார், வேறு ஜோசியரிடம் பொருத்தம் பார்த்து வந்து நிற்பார். காரணமே வேண்டாம். இப்படி அனுப்பினால் போதும்: "அண்ணே, வணக்கம். நல்ல குடும்பம், மரியாதையாகப் பேசினார்கள். வீட்டில் கலந்து பேசினோம், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஜாதகத்தையும் போட்டோவையும் நாளை கொண்டுவந்து தருகிறேன்." "இப்போதைக்கு" என்ற சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள், தை பிறந்ததும் தரகர் மறுபடி வாசலில் நிற்பார்.