கற்பூரம் தெரிந்தது, ரோஜா தெரியவில்லை

2021 மே மாதம் கொரோனா வந்து போனபோது எனக்கு மோப்பம் அடியோடு நின்றுவிட்டது. ஓசூர் வீட்டுக் கொல்லையில் பூத்த பன்னீர் ரோஜாவை மூக்கில் வைத்து உறிஞ்சினாலும் காகிதத்தை முகர்ந்த மாதிரிதான் இருந்தது. அம்மா விடவில்லை, கற்பூர டப்பாவைத் திறந்து நீட்டினார். மூக்குக்குள் சுருக்கென்று குளிர்ந்தது. "தெரியுதும்மா" என்றேன். "அப்புறம் என்னப்பா, மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நல்லாயில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் அதைப் புரியவைத்தார். வாசனையை மூளைக்குச் சொல்வது மூக்கின் கூரையில் இருக்கும் மோப்ப நரம்பு. அது போக, முகம் முழுக்கப் பரவிய முக்கிளை நரம்பின் கிளைகளும் மூக்குக்குள் வருகின்றன. குளிர், எரிச்சல், வலி எல்லாம் அதன் பொறுப்பு. மிளகாய் தாளித்தால் தும்முவது அதனால்தான். ரோஜாவின் மணம் அந்த நரம்பைத் தொடுவதே இல்லை எனலாம். கற்பூரமும் புதினா உப்பும் இரண்டு நரம்பையும் தட்டும். என் மோப்ப நரம்பு செத்துக் கிடந்தது, முக்கிளை நரம்பு மட்டும் பதில் சொன்னது. மோப்பம் இருக்கிறதா என்று பார்க்கக் கற்பூரம் உதவாது, ரோஜா உதவும்.

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? முக்கிளை நரம்பின் முனைகளில் குளிருக்கென்றே ஒரு வாசல் உண்டு. விஞ்ஞானிகள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் 2002இல் தனித்தனியே அடையாளம் கண்ட அதன் பெயர் டி.ஆர்.பி.எம்.8. வெப்பம் ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது திறக்கும். புதினா உப்பிலுள்ள மென்தால் அதில் ஒட்டிக்கொண்டால், உடல் சூட்டிலேயே திறந்துவிடும். உண்மையில் எதுவும் குளிர்வதில்லை. மூளைக்குப் போகும் செய்தி மட்டும் மார்கழி விடியலில் ஓசூர்க் காற்றை இழுத்தால் போகும் அதே செய்தி. கற்பூரம் இந்த வாசலைக் கொஞ்சமாகவும், சூட்டை உணரும் வேறு வாசல்களையும் சேர்த்துத் திறக்கிறது. தைலம் தேய்த்த இடம் ஒரே நேரத்தில் சில்லென்றும் கதகதப்பாகவும் இருப்பதில் அதற்கும் பங்குண்டு.

சளி பிடித்தவர் தைலத்தை முகர்ந்ததும் அடைப்பு விட்டது என்கிறாரே, அது? பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஆய்வாளர் ரான் எக்கிள்ஸ் இதை அளந்தே பார்த்தார். மென்தாலுக்குப் பிறகும் மூக்கின் அடைப்பு அப்படியேதான் இருந்தது. மூச்சு தாராளமாகப் போவதாக உணர்வு மட்டும் கூடியது. உள்ளே வரும் காற்று சவ்வைக் குளிர்விப்பதை வைத்துத்தான் மூக்கு காற்றோட்டத்தை அறிகிறது. மென்தால் அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. பெரியவர்களுக்கு அந்த நிம்மதியால் கெடுதல் இல்லை.

பச்சைக் குழந்தைக்கு அப்படியில்லை. அதே முக்கிளை நரம்பைக் கடுமையாகச் சீண்டினால் குழந்தையின் மூச்சு சட்டென்று நின்றுவிடக்கூடும். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். சளி என்றால் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவும் பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு வயது ஆகும்வரை கற்பூரமும் தைலமும் குழந்தையின் பக்கமே வர வேண்டாம்.