மறக்கும் போர்ட்டலும் மறக்க உரிமையில்லாத வியாபாரியும்

ஏழு ஆண்டுக்கு முந்தைய ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை இனிப் போர்ட்டலில் பார்க்க முடியாது என்று 2024 செப்டம்பர் 24 அன்று வந்த அறிவிப்பு, வரித் தொழிலில் இருக்கும் எவருக்கும் நினைவிருக்கும். 2017 ஜூலை மாதத் தரவு 2024 ஆகஸ்ட் 1 அன்றே எடுக்கப்பட்டிருந்தது. 2017 ஆகஸ்ட் மாதத் தரவு செப்டம்பர் 1 அன்று போயிருந்தது. இரண்டும் போன பிறகுதான் அறிவிப்பே வந்தது. வணிகர்கள் முறையிட்டதும் சில நாட்களிலேயே தரவு திரும்ப வைக்கப்பட்டது. ஆனால் திரும்ப வைத்ததைச் சொன்ன அறிவிப்பு இன்னொன்றையும் சொன்னது: வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தகுந்த முன்னறிவிப்போடு இதே கொள்கை மீண்டும் நடைமுறைக்கு வரும்.

அந்த முன்னறிவிப்புக்காகக் காத்திருப்பது தவறு என்பது இந்த இதழின் நிலைப்பாடு. ஒவ்வொரு வரி ஆலோசகரும் தன் வாடிக்கையாளர்களைப் பத்துப் பதினைந்து பேராகக் கூட்டி, மறக்கும் கருவிகளோடு எப்படி வேலை செய்வது என்று இருபது நிமிடம் பேச வேண்டும். சட்டப் பாடம் வேண்டாம். எந்தக் கருவி எப்போது மறக்கும், அதற்கு முன் எதை எடுத்து வைக்க வேண்டும் என்ற இரண்டு மட்டும் போதும்.

உரையைத் தேதிகளிலிருந்து தொடங்கலாம். சட்டத்தின் 36-ஆம் பிரிவு கணக்குகளை 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. அந்த 72 மாதம், ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து ஓடுகிறது. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருப்பதால் GSTR-9 போடத் தேவையில்லை என்று விலக்குப் பெற்றவருக்கும் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான். போர்ட்டலின் ஏழு ஆண்டோ மாதத்துக்கு மாதம் நகர்கிறது. இரண்டு கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

2023-24 நிதியாண்டைப் பார்ப்போம். ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே வியாபாரி தன் கணக்கை 2030 டிசம்பர் 31 வரை வைத்திருக்கக் கடமைப்பட்டவர். 2024-இல் நடந்த அதே வேகத்தில் போர்ட்டல் நகர்ந்தால், 2023 ஏப்ரல் மாதத் தரவு 2030 மே 1 அன்று மறையும். மே மாதத்துடையது ஜூன் 1 அன்று. இப்படியே போனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாத ரிட்டர்ன்கள், வியாபாரி அவற்றுக்குப் பொறுப்பாளியாக இருக்கும்போதே திரையிலிருந்து போய்விடும். 2017-18 இன்னும் மோசம். கடைசித் தேதி தள்ளிக்கொண்டே போய், தமிழ்நாட்டுக்கு 2020 பிப்ரவரி 5 ஆனது. சட்டம் 2026 பிப்ரவரி வரை வைத்திரு என்றது. போர்ட்டல் 2024 ஆகஸ்டிலேயே மறக்கத் தொடங்கியது. வழக்கு நிலுவையில் இருந்தால் வியாபாரியின் காலம் மேலும் நீளும். போர்ட்டலின் காலம் நீளாது.

தேதி மட்டும் சொன்னால் கடைக்காரர் மனதில் நிற்காது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். ஈரோட்டில் ஒரு சிறு விசைத்தறி உரிமையாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2017 ஆகஸ்டில் 20 லட்சம் ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்குகிறார். 5 சதவீதத்தில் வரி ஒரு லட்சம். அந்த மாத GSTR-3B-ஐ அவர் 2019 ஜூனில்தான் போடுகிறார். 2017-18-க்கு ஐ.டி.சி. எடுக்கும் கெடு, நீட்டித்த பிறகும், 2019 மார்ச் மாத ரிட்டர்னின் கடைசித் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே 16(4)-இன்படி அந்த ஒரு லட்சத்தை மறுத்து 2023 டிசம்பரில் 73-ஆம் பிரிவில் ஆர்டர் வருகிறது. அவர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

பிறகு 16(5) வருகிறது. 2017-18 முதல் 2020-21 வரையிலான ஐ.டி.சி.யை 2021 நவம்பர் 30 வரை போட்ட ரிட்டர்னில் எடுத்திருந்தால் செல்லும் என்று சட்டம் பின்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. நடைமுறைக்கு வந்த நாள் 2024 செப்டம்பர் 27. அக்டோபர் 8 அன்று வந்த நோட்டிபிகேஷன் 22/2024, பழைய ஆர்டரைத் திருத்தித் தரும்படி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. விசைத்தறி உரிமையாளருக்கு அந்த ஒரு லட்ச மறுப்பை நீக்கிக்கொள்ள வழி பிறந்தது. அதற்கு அவர் காட்ட வேண்டியது முதலில் ஒன்றுதான்: 2017 ஆகஸ்ட் GSTR-3B-இல் இந்த ஐ.டி.சி. எடுக்கப்பட்டிருக்கிறது, அது 2021 நவம்பர் 30-க்கு முன் தாக்கலாகியிருக்கிறது. அந்த ரிட்டர்ன்தான் செப்டம்பர் 1 அன்று போர்ட்டலை விட்டுப் போயிருந்தது. தரவு திரும்ப வைக்கப்படாமல் இருந்திருந்தால், சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்கத் தேவையான தாளே அவர் கையில் இருந்திருக்காது.

இனி உரையின் செய்முறைப் பகுதி. மாதாமாதம் ரிட்டர்ன் போட்ட அன்றே நான்கு கோப்புகளை எடுக்கச் சொல்ல வேண்டும்: தாக்கலான GSTR-1, தாக்கலான GSTR-3B, அந்த மாதத்து GSTR-2B, மின்னணு வரவுப் பேரேடு. கோப்புகள் கணக்காளரின் கணினியில் மட்டும் இருந்தால் போதாது, உரிமையாளரிடமும் ஒரு பிரதி வேண்டும். கணக்காளர் மாறும்போதுதான் பெரும்பாலான கோப்புகள் காணாமல் போகின்றன. பெயரிடும் முறையையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது:

```
2017-18/08/GSTR-3B_filed_2019-06-14.pdf
2017-18/08/GSTR-2A_taken_2019-06-14.xlsx
```

பெயரில் இரண்டு வகைத் தேதிகளுக்கு இடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. GSTR-3B-க்குத் தாக்கலான நாள் முக்கியம். விசைத்தறி உரிமையாளரின் வழக்கு அந்த ஒரு நாளில்தான் நிற்கிறது. GSTR-2A-க்கு இறக்கிய நாள் முக்கியம். விற்றவர் பிற்பாடு ரிட்டர்ன் போட்டாலோ திருத்தினாலோ 2A மாறிவிடும். இன்று பார்ப்பது அன்று பார்த்ததாக இருக்காது. 2B அப்படி மாறாது. ஆனால் 2020 ஜூலைக்கு முந்தைய மாதங்களுக்கு 2B கிடையாது. அந்த ஆண்டுகளுக்கு 2A-வை, எடுத்த தேதியோடு, வைத்திருப்பது ஒன்றே வழி.

எடுத்து வைத்தது சரியானதா என்று சோதிக்கவும் கற்றுத்தர வேண்டும். மிக அடிக்கடி நடக்கும் பிழை, சமர்ப்பிக்கும் முன் இறக்கிய வரைவுப் படியையே தாக்கலான படி என்று நினைத்து வைத்துக்கொள்வது. அதில் ஏ.ஆர்.என். எண் இருக்காது. ஏ.ஆர்.என்.னும் அதன் தேதியும் இல்லாத கோப்பை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, வாடிக்கையாளரிடம் ஏதாவது ஒரு பழைய மாதத்தைச் சொல்லி, அந்த நான்கு கோப்புகளையும் வேறொரு கணினியில் திறந்து காட்டச் சொல்லலாம். திறக்காத பென் டிரைவ் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பழைய ஆண்டுகளை இப்போது எடுப்பவர்கள், ஆண்டு முழுவதற்கும் ஒரே எக்செல்லாகக் கிடைக்கும் வரிப் பொறுப்பு-ஐ.டி.சி. ஒப்பீட்டு அட்டவணையை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு மாத ரிட்டர்ன்களுக்குப் போகலாம். நோட்டீஸ் எந்த மாதத்தைப் பிடிக்கும் என்பது பெரும்பாலும் அந்த அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.

மற்ற மறதிக் கருவிகளுக்கு ஐந்து நிமிடம் போதும். இ-இன்வாய்ஸ் கோப்பை ஜிஎஸ்டி போர்ட்டலிலிருந்து ஆறு மாதம் வரைதான் இறக்க முடியும். தெர்மல் பில் சூட்டிலும் எண்ணெயிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் வெளுத்துவிடும். பெற்ற நாளிலேயே படம் எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பில், போன் மாறினால் பெரும்பாலும் போய்விடும்.

இவ்வளவும் வியாபாரி செய்ய வேண்டியது. இதை ஏன் அவர் செய்ய வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை இந்த இதழ் விடுவதாக இல்லை. விதி 57, வியாபாரி தன் மின்னணுப் பதிவுகளுக்கு முறையான நகல் வைத்திருக்க வேண்டும், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. தேநீர்க் கடையின் ஒரே ஒரு கணினிக்கும் பொருந்தும் விதி அது. அதே விதிமுறையின் கீழ் இயங்கும் போர்ட்டல், வியாபாரி தன் கையால் ஏற்றிய ரிட்டர்னை, சட்டக் காலம் முடியும் முன்பே அவர் பார்வையிலிருந்து எடுத்தது. அதையும் எடுத்த பிறகு சொன்னது. ரிட்டர்ன் ஒரு நாள் தாமதமானால் தாமதக் கட்டணம் தானாகவே ஏறும் போர்ட்டல், அந்த இரண்டு மாதத் தரவை எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டி அறிவிக்கவில்லை.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. அந்த அறிவிப்பு பேசியது வரி செலுத்துவோரின் பார்வையைப் பற்றி மட்டுமே. அதிகாரியின் திரையிலும் அதே நாளில் அதே தரவு மறையுமா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நோட்டீஸ் கொடுப்பவருக்குத் தெரிவது பதில் சொல்பவருக்குத் தெரியாமல் போனால் விசாரணை என்ற பெயருக்கே பொருள் இருக்காது. வழக்குகள் நீண்டதற்கும் ஒரு காரணம் உண்டு: 2025 செப்டம்பர் 24 அன்றுதான் ஜிஎஸ்டி தீர்ப்பாயம் தொடங்கிவைக்கப்பட்டது. தேங்கிக் கிடந்த மேல்முறையீடுகளுக்கு 2026 ஜூன் 30 வரை அவகாசம் தரப்பட்டது. தீர்ப்பாயம் அமைக்க ஆண்டுக்கணக்கில் ஆனது அரசின் தாமதம். அந்தத் தாமதத்தால் நீண்ட வழக்குகளுக்கு ஆவணம் காப்பது மட்டும் சிறு வியாபாரியின் தலையில்.

ஆலோசகர்களின் சுமையையும் சொல்லியாக வேண்டும். மாதம் நான்கு கோப்பு என்றால் ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு 48. ஏழு ஆண்டுக்கு 336. நூறு வாடிக்கையாளர் வைத்திருக்கும் ஒரு சிறு அலுவலகம் 33,600 முறை கோப்பு இறக்க வேண்டும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக உள்நுழைந்து. இதற்கு யாரும் கட்டணம் தரப் போவதில்லை.

எனவே கோரிக்கைகள் நான்கு. போர்ட்டலின் பார்வைக் காலம் 36-ஆம் பிரிவின் காலத்தோடு இணைக்கப்பட வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ள ஆண்டின் தரவு, வழக்கு முடியும்வரை எடுக்கப்படக் கூடாது. ஒரு நிதியாண்டின் எல்லா ரிட்டர்ன்களையும் பேரேடுகளையும் ஒரே கோப்பாக இறக்கும் வசதி வேண்டும். தரவு எடுக்கப்படும் முன் பதிவு செய்த கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் குறைந்தது 90 நாள் முன்பாகத் தனித்தனியே தகவல் வர வேண்டும். நான்கையும் எழுத்தில் அனுப்பும்படி ஒவ்வொரு வரி ஆலோசகர் சங்கத்தையும் இந்த இதழ் கேட்டுக்கொள்கிறது. பதில் வரும்வரை, 2018-19-இலிருந்து தொடங்கிப் பழைய ஆண்டுகளை இறக்கும் வேலையை இந்த மாத ரிட்டர்ன் வேலை முடிந்ததும் ஆரம்பித்துவிடலாம். அந்த ஆண்டின் 72 மாதம் 2026 டிசம்பர் 31 வரை ஓடுகிறது.