விடைபெறும் நேர்காணலில் எதைச் சொல்வது, எதை விடுவது?

மனம் கசந்து ஒரு வேலையை விடுபவருக்கு, அங்கிருந்து வெளியேறுவதற்கு முன் கடைசியாக ஒரு சடங்கு காத்திருக்கிறது. நோட்டீஸ் காலம் முடியும் தறுவாயில் மனிதவளத் துறையிலிருந்து அழைப்பு வருகிறது. "ஏன் விலகுகிறீர்கள்? மனம் திறந்து பேசுங்கள். நீங்கள் சொல்வது இரகசியமாக இருக்கும்" என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டிவிட நா துடிக்கும் நேரம் அது. கொட்டிவிடுவதும் பிழை, வாயே திறக்காமல் எழுந்து வருவதும் பிழை என்பது நம் கருத்து.

முதலில் இந்த நேர்காணலின் இயல்பை அறிந்துகொள்வோம். இது நீதிமன்றமன்று; புகார் மனுவுமன்று. எதிரே அமர்ந்திருப்பவர் நிறுவனத்தின் ஊழியர். நாம் சொல்வதை அவர் ஒரு படிவத்தில் குறித்துக்கொள்கிறார். பல இடங்களில் அதன் சுருக்கம் துறைத் தலைவருக்குப் போகிறது. நான்கு பேர் மட்டுமே பணிபுரியும் பிரிவிலிருந்து ஒருவர் விலகும்போது, பெயரை நீக்கிவிட்டாலும் சொன்னவர் யார் என்பது எவருக்கும் விளங்கிவிடும். ஆகவே, இரகசியம் என்ற வாக்குறுதியை நம்பி எதையும் சொல்ல வேண்டியதில்லை. எவர் காதுக்குப் போனாலும் நிலைமாறாமல் நிற்கக்கூடியதை மட்டுமே சொல்ல வேண்டும்.

நேரமும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் இந்தச் சந்திப்பு கடைசி வாரத்தில் நடக்கிறது. பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், இறுதிக் கணக்குத் தீர்வு ஆகிய மூன்றும் அப்போது நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. இவற்றைத் தருவது நிறுவனத்தின் கடமையே. ஆனாலும் உரசல் முற்றினால் தாமதத்திற்குக் காரணங்கள் எளிதாகக் கிடைத்துவிடும். புதிய நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்புக்காகத் தொடர்பு கொள்ளும்போது பதில் சொல்பவரும் இதே துறையினர்தான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தனியார் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய பெண்மணி ஒருவர் விலகுகிறார். பிரிவிலிருந்த மூவரில் ஒருவர் எட்டு மாதங்களுக்கு முன் போய்விட்டார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு நாட்களில் மேலாளர் இரவு பத்து மணிக்குப் பிறகும் தொலைபேசியில் அழைக்கிறார். கூட்டங்களில் எல்லோர் முன்னிலையிலும் ஏசுகிறார். இரண்டு முறை விடுப்பு மறுக்கப்பட்டது.

இவர் மனத்தில் எழும் வாக்கியம், "அந்த மேலாளருக்கு மனிதத்தன்மையே இல்லை" என்பது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிவத்தில் அது எப்படி எழுதப்படும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். "மேலாளருடன் ஒத்துப்போகவில்லை" என்ற இரண்டு சொற்களாக அது சுருங்கிவிடும். குறை மேலாளரிடமிருந்து நகர்ந்து விலகுபவரின் தலையில் வந்து அமர்ந்துவிடும்.

அதையே அவர் இப்படிச் சொல்லலாம்: "மூவர் செய்த கணக்கு முடிப்பை எட்டு மாதங்களாக இருவர் செய்கிறோம். அந்நாட்களில் இரவு பத்து மணிக்குப் பிறகும் அழைப்புகள் வருகின்றன. இரண்டு முறை விடுப்பு கேட்டேன், கிடைக்கவில்லை. அந்த மூன்றாவது இடத்தை நிரப்பினால் அடுத்து வருபவர் நிலைத்திருப்பார்." இதில் குணத்தைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. எண்ணிக்கையும் காலமும் உள்ளன. எவரும் பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்க்கலாம். திருத்துவதற்கு ஒரு வழியும் உள்ளது. மேலாளர் ஏசியதையும் இவர் சொல்லலாம். ஆனால் எந்தக் கூட்டத்தில், என்ன சொற்களால் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சரிபார்க்க முடிவது, திருத்த முடிவது என்ற இரண்டு சல்லடைகளில் நிற்பதைச் சொன்னால் போதும். இரண்டு அல்லது மூன்று செய்திகளுக்கு மேல் வேண்டாம். பத்து குறைகளை அடுக்கினால் அவை அனைத்தும் மனக்கசப்பாகவே படிக்கப்படும்.

விட்டுவிட வேண்டியவை எவை? இன்னும் அங்கேயே இருக்கும் சக ஊழியர்களின் பெயர்கள். "அவரும் இப்படித்தான் சொல்கிறார்" என்ற ஒரு சொல் அவருடைய பிழைப்பைக் கெடுத்துவிடக்கூடும். அடுத்து, புதிய நிறுவனத்தின் பெயரும் அங்கு கிடைக்கவிருக்கும் சம்பளமும். கேட்டால், "சேர்ந்த பிறகு தெரிவிக்கிறேன்" என்பது மரியாதையான பதில். மேலாளரின் சொந்த வாழ்க்கை, கேள்விப்பட்ட வதந்திகள், "வழக்குப் போடுவேன்" என்ற மிரட்டல் ஆகியவற்றுக்கும் அந்த அறையில் இடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். உண்மையிலேயே கடுமையான அநீதி நடந்திருந்தால் அதையும் மறைப்பதா என்று கேட்கலாம். மறைக்கக் கூடாது, ஆனால் அதற்கு உரிய வாசல் வேறு. பாலியல் தொல்லை நிகழ்ந்திருந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம், கடைசி நிகழ்விலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். விடைபெறும் நேர்காணலில் வாய்மொழியாகச் சொன்னது அந்தப் புகாராகாது. சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால் காலக்கெடு கடந்துவிடும். வருங்கால வைப்பு நிதி சம்பளத்தில் பிடிக்கப்பட்டும் கட்டப்படவில்லையென்றால், அதற்கு வைப்பு நிதி அமைப்பின் குறைதீர்ப்பு முறை இருக்கிறது. இத்தகைய புகாரை ஏற்கெனவே தந்திருந்தால், நேர்காணலில் "எழுத்து மூலம் தந்திருக்கிறேன்" என்ற ஒரு வரியே போதும்.

பேச்சைவிடக் கையெழுத்தில் இன்னும் கவனம் தேவை. நேர்காணல் படிவத்தோடு "எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவுமில்லை, குறை எதுவுமில்லை" என்ற வாசகம் கொண்ட தாளையும் சிலர் நீட்டுகிறார்கள். கணக்கு தீராமல் அதில் ஒப்பமிடக் கூடாது. நம் உதாரணத்துப் பெண்மணியின் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் என்று கொள்வோம். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால், ஓராண்டுப் பணிக்குரிய பணிக்கொடை 15,000 ரூபாய். ஆறு ஆண்டுகளுக்கு 90,000 ரூபாய். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய நிரந்தர ஊழியருக்கு உரிய இத்தொகையை 30 நாட்களுக்குள் நிறுவனம் தர வேண்டும். இத்தொகை வராத நிலையில் "பாக்கியில்லை" என்று எழுதித் தருவது பின்னர் வீண் வழக்குக்கு இடம் கொடுக்கும். "கணக்கு தீர்ந்ததும் ஒப்பமிடுகிறேன்" என்று சொல்லி, தாளின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பேசவே மனமில்லாதவர்கள் என்ன செய்வது? இந்த நேர்காணலுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் எதுவும் விதிக்கவில்லை. நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு நிபந்தனை உண்டா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் போய்வருவதே மேல் என்பது நம் எண்ணம். அந்தக் காலி நாற்காலியைப் பற்றி எண்ணிக்கையோடு பேசக்கூடியவர், இழப்பதற்கு அங்கே இனி அதிகமில்லாத அந்தப் பெண்மணிதான். இருக்கும் ஊழியர் அதைச் சொன்னால் வேலைக்கு அஞ்ச வேண்டும். படிவத்தை எவரும் படிக்காமலே போகலாம். படித்தால், அவருடைய இடத்தில் அடுத்து வந்து அமர்பவருக்காவது இரவு பத்து மணிக்குமேல் தொலைபேசி ஒலிக்காமல் இருக்கக்கூடும்.