ஃபிளாஸ்க் டீ: காலை 6 மணிக்கு ஊற்றியதை மதியம் 3 மணிக்குக் குடிக்கலாமா?

காபிப் பழம் பறிக்கும் காலம் வந்துவிட்டால் சேர்வராயன் மலையில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டை பக்கம் தோட்ட வேலைக்குக் கிளம்புகிறவர்களின் பையில் சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், கூடவே ஃபிளாஸ்க் நிறைய பால் டீ. மார்கழிக் குளிரில் காலை 10 மணிக்கு ஒரு டம்ளர், மீதி மதியம் 3 மணிக்கு.

'ஃபிளாஸ்க்லதானே இருக்கு, கெட்டா போயிடும்?' என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும். ஃபிளாஸ்க் சூட்டைக் காப்பாற்றும், உண்மைதான். ஆனால் அது அடுப்பு அல்ல. உள்ளே போன சூடு மெதுவாகக் குறைந்துகொண்டேதான் இருக்கும். அந்தச் சூடு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு, அதே ஃபிளாஸ்க் கிருமிகளுக்கு இதமான வீடாக மாறிவிடுகிறது.

அந்தக் கோடு, 60 டிகிரி செல்சியஸ்.

60 டிகிரிக்கு என்ன கணக்கு?

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து விதிகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருங்கள், சாதாரண வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்பது. 60 டிகிரிக்கு மேல், வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளால் பெருக முடியாது. 5 முதல் 60 டிகிரி வரை உள்ள இடைவெளிதான் அவற்றுக்கு வசதியான இடம். அதிலும் நம் உடம்புச் சூட்டை ஒட்டிய 30 - 40 டிகிரியில் ரொம்பவே வேகம்.

'பாலைத்தான் பொங்கப் பொங்கக் காய்ச்சிவிட்டோமே, அப்புறம் கிருமி எங்கிருந்து வரும்?' என்ற கேள்வி நியாயமானது. காய்ச்சும்போது பெரும்பாலான கிருமிகள் செத்துப்போகும். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்ற ஒரு வகை பாக்டீரியா, கெட்ட காலம் வந்தால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதைபோல் உறங்கிவிடும். பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் சூட்டையும், நாம் வீட்டில் காய்ச்சும் சூட்டையும் இந்த விதைகள் தாங்கும். பால் டீ இளஞ்சூட்டுக்கு வந்ததும் முளைத்து எழுந்து பெருக ஆரம்பிக்கும். பாலில் உள்ள புரதமும் சர்க்கரையும்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

இரண்டாவது வழி நம் கை. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருக்கும். கைப்புண்ணில் அதிகமாகவே இருக்கும். மூடியின் உட்புறத்தைத் தொடுவதாலும், ஃபிளாஸ்கிலேயே வாய் வைத்துக் குடிப்பதாலும் அது உள்ளே போய்விடுகிறது.

மலையில் ஒரு நாள் கணக்கு

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்து வீட்டு டீயைவிட மலை வீட்டு டீ ஆரம்பத்திலேயே 4 டிகிரி குறைவு. வடிகட்டி, ஒரு முறை ஆற்றி, குளிர்ந்து கிடக்கும் ஃபிளாஸ்கில் ஊற்றி மூடும்போது 82 டிகிரி அளவில் நிற்கும்.

அரை லிட்டர் பிடிக்கும் நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே 15 டிகிரி குளிர். இனி வருவது தோராயக் கணக்குதான். ஃபிளாஸ்குக்கு ஃபிளாஸ்க் மாறும், பழசாக ஆக இன்னும் குறையும்.

காலை 6 மணிக்கு 82 டிகிரி. திறக்காமல் வைத்திருந்தால் 10 மணிக்கு சுமார் 66 டிகிரி. இது வரைக்கும் பயமே இல்லை. 10 மணிக்குத் திறந்து பாதியை ஊற்றிக் குடிக்கிறார்கள். இங்கேதான் கணக்கு மாறுகிறது. மூடியைத் திறக்கும்போது இரண்டு மூன்று டிகிரி போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், இப்போது உள்ளே இருப்பது பாதி டீ, மீதி காற்று. சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் டீ பாதியாகிவிட்டது, ஆனால் சூடு வெளியேறும் ஃபிளாஸ்க் அதே அளவுதான். அதனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஆறும். 10.30 மணிக்கு 60 டிகிரி. மதியம் 3 மணிக்குத் திறந்தால் 40 டிகிரி!

அதாவது அந்தப் பாதி டீ, நாலரை மணி நேரம் கிருமிகள் வளரும் சூட்டில் இருந்திருக்கிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் அவற்றுக்கு மிகப் பிடித்த சூட்டையே நெருங்கிவிட்டது. நல்ல வசதியான சூட்டில் பாக்டீரியா அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். ஒன்று என்பது நான்கு மணி நேரத்தில் 250-ஐத் தாண்டும்.

'24 மணி நேரம் சூடு' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்றால், அது பொதுவாகக் கொதிநீரை நிறைய ஊற்றி, ஒரு முறைகூடத் திறக்காமல் வைத்துப் பார்த்த கணக்கு. 24 மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி இருக்கும் என்று பெட்டியில் தேடிப் பாருங்கள். இருந்தால் அது 60-க்கு மேலா என்று கவனியுங்கள்.

ஆவி பறக்கிறதே..?

மலையில் இருப்பவர்கள் ஏமாறுவது இந்த ஆவியில்தான். குளிர்ந்த காற்றில் நம் மூச்சே புகைபோல் தெரியும்போது, 40 டிகிரி டீயிலும் ஆவி பறக்கத்தான் செய்யும். ஆவியை நம்பாதீர்கள். நாக்கை நம்பலாம். ஊதி ஊதி, உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க வேண்டியிருந்தால் சூடு போதும். திறந்ததும் மடக்மடக்கென்று குடிக்க முடிகிறதா? அப்படியென்றால் 60-க்குக் கீழே இறங்கி நேரமாகிவிட்டது. சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகமே இல்லை.

புளிப்பு வாடை, திரிந்து நிற்கும் பால், வழவழப்பு... இதில் எது இருந்தாலும் கீழே ஊற்றிவிட வேண்டியதுதான். ஆனால் இது எதுவுமே இல்லை என்பதற்காக டீ நல்லது என்று சொல்லிவிட முடியாது. வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் ருசியையோ வாசனையையோ மாற்றாமலே பெருகக்கூடியவை. இஞ்சி, ஏலக்காய் போட்ட டீயில் லேசான மாற்றம் தெரியவும் தெரியாது.

சுட வைத்தால் சரியாகாதா?

'வீணாக்காதே, சுட வெச்சுக் குடிச்சிடலாம்' என்பது பல வீடுகளில் கேட்கும் பேச்சு. மறுபடி கொதிக்க வைத்தால் பெருகியிருக்கும் கிருமிகள் சாகும். ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஏற்கெனவே விட்டுவிட்டுப் போன நஞ்சு கொதிப்பதால் அழியாது. பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சும் அப்படியே. அதனால் நேரம் கடந்த பால் டீக்கு அடுப்பு மருந்து அல்ல.

அப்படி நஞ்சு உள்ளே போனால் ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி வரும். கிருமி குடலுக்குள் போய் வேலை காட்டினால் 6 முதல் 15 மணி நேரத்தில் வயிற்று வலியும் பேதியும் வரும். அதனால்தான் மதியம் குடித்த டீயை யாரும் சந்தேகப்படுவதில்லை, ராத்திரிச் சாப்பாட்டின் மேல் பழி விழுகிறது.

இதில் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 3 மணி டீ குடித்த எல்லோருக்கும் வயிறு கெடும் என்று அர்த்தமில்லை. இந்தக் கிருமி விஷயத்தில் பால் டீயைவிட, வெளியே வைத்த பழைய சோற்றுக்கும் ஃபிரைடு ரைஸுக்கும்தான் கெட்ட பெயர் அதிகம். திடமான உடம்பு பல நாள் தாங்கிக்கொள்ளும். ஆனால் சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், நோயில் தேறி வருபவர்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு. பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும், அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாந்தி நிற்கவில்லை, மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் போகவில்லை என்றால் மலையில் இருட்டும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

அப்படியானால் 3 மணிக்கு என்ன குடிப்பது?

'சின்னதாக இரண்டு ஃபிளாஸ்க் எடுத்துப்போகலாமே' என்று தோன்றும். முதல் ஃபிளாஸ்குக்கு அது சரி. ஆனால் திறக்காமலே வைத்திருந்தாலும் சின்ன ஃபிளாஸ்க் 9 மணி நேரத்தில் 50 டிகிரிக்குக் கீழே போய்விடும். எனவே மதியத்துக்குப் பாலை விட்டுவிடுவதுதான் எளிய வழி.

காலை 10 மணிக்கான பால் டீயை சின்ன ஃபிளாஸ்கில் நிறைய ஊற்றி, திறந்ததும் எல்லோருமாகக் குடித்து முடித்துவிட வேண்டும். மதியத்துக்கு, பால் சேர்க்காத வரக்காப்பியோ வரட்டீயோ இன்னொரு ஃபிளாஸ்கில். பால் இல்லாத இடத்தில் கிருமிக்குத் தீனி மிகக் குறைவு. பால் இல்லாமல் இறங்காது என்பவர்கள், பால் பவுடரைச் சின்ன டப்பாவில் உலர்வாக எடுத்துப்போய், குடிக்கும் நேரத்தில் டம்ளரில் கலந்துகொள்ளலாம். காய்ச்சிய பாலைத் தனி பாட்டிலில் கொண்டுபோவது மட்டும் வேண்டாம். அது ஃபிளாஸ்க் டீயைவிடச் சீக்கிரம் ஆறி, சீக்கிரம் கெடும்.

காலையில் ஊற்றும் முறையிலும் கொஞ்சம் சூட்டை மிச்சம் பிடிக்கலாம். டீ கொதிக்கும் நேரத்தில் ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அதைக் கொட்டிவிட்டு, டீயை ஆற்றாமல் நேராக வடிகட்டி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மூன்று டிகிரி கூடுதலாக உள்ளே போனால்கூட, 60-க்கு இறங்க இன்னும் அரை மணி நேரம் கிடைக்கும்.

மாலையில் கழுவும்போது மூடியை மறக்கக் கூடாது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால், காலையில் ஊற்றும் புது டீயில் பழைய கிருமி தயாராகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். வளையம், அழுத்தி ஊற்றும் பட்டன் மூடி, ஃபிளாஸ்கின் அடி எல்லாவற்றையும் பிரஷ் போட்டுச் சோப்பு நீரில் தேய்த்து, வெந்நீரில் அலசி, மூடாமல் கவிழ்த்து உலர விட வேண்டும்.

மலைக்கு மட்டுமல்ல, ஆஸ்பத்திரி வாசலுக்கும் ரயில் பயணத்துக்கும் ஃபிளாஸ்க் தூக்குகிற எல்லோருக்கும் மனதில் வைக்க இரண்டு நேரம் போதும். நல்ல ஃபிளாஸ்கில் நிறைய ஊற்றிய பால் டீ, பால் காபிக்கு நாலு மணி நேரம். ஒரு முறை திறந்து பாதி ஊற்றிவிட்டால், அதிலிருந்து இரண்டு மணி நேரம். அதற்கு மேல் மிஞ்சியதைக் காபிச் செடிக்கு ஊற்றிவிடலாம்.