‘முற்றிலும் ரகசியம்’ என்பது பொய் வாக்குறுதி

பாலியல் தொல்லை புகார் அறிவிப்பில் விவரங்களை அடுக்கினால் பெண்கள் மிரண்டு விடுவார்கள், ‘புகார்கள் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்’ என்ற ஒரு வரியே போதும் என்கிறார் மனிதவள அதிகாரி ஒருவர். அந்த ஒரு வரிதான் சிக்கலே.

பணியிடப் பாலியல் தொல்லை தொடர்பான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளின்படி, புகார் வந்த 7 வேலை நாளுக்குள் அதன் நகல் எதிராளிக்குப் போகவேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும். ‘முற்றிலும் ரகசியம்’ என்று நம்பி எழுதிக்கொடுத்தவர், மறுவாரமே தன் புகார் எதிராளி கையில் இருப்பதைக் கண்டால் நிர்வாகத்தை எப்படி நம்புவார்? சட்டம் தடுப்பது பொதுமக்களுக்கும் ஊடகத்துக்கும் வெளியிடுவதை. விசாரணைக்குத் தேவையானவர்களுக்குத் தெரிந்தே தீரும்.

எனவே இப்படி எழுதுங்கள்: “சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். உங்கள் புகாரை எதிராளி படிப்பார். விசாரணை 90 நாளில் முடியும். அடுத்த 10 நாளில் அறிக்கை. அது கிடைத்த 60 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கும்.”

மிரள வைப்பது இந்த விவரமல்ல, பிறகு தெரியவரும் உண்மை.