எதைச் சரிபார்த்தீர்கள்?

திருமணச் செயலியில் ஒரு வரனின் படத்துக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று டிக் இருந்தால், பாதி விசாரணை முடிந்ததாகவே பெண் வீட்டார் நினைக்கிறார்கள். பல நேரங்களில் முடிந்திருப்பது, அந்தக் கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி போய்ச் சேர்ந்தது மட்டும்தான். கொஞ்சம் கூடுதலாகப் பார்த்திருந்தால், அடையாள அட்டையின் முகமும் செல்ஃபியும் ஒத்துப்போயிருக்கும். சம்பளம், வேலை, ஏற்கெனவே திருமணமானவரா என்பதெல்லாம் அவரே நிரப்பியவை. ஆதார் அட்டையைக் காட்டினாலும் பயனில்லை. அதில் திருமண நிலை இடம்பெறுவதே இல்லை.

திருமண இணையதளங்களுக்கு மத்திய அரசு 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பதிவு செய்பவரின் அடையாளத்தை உறுதிசெய்யவும், குறைதீர்க்க ஓர் அலுவலரை வைக்கவும் அது சொல்கிறது. ஆனால் ஆள் யார் என்று உறுதிசெய்வது வேறு, அவர் சொல்வது உண்மையா என்று பார்ப்பது வேறு. இரண்டையும் ஒரே டிக்கில் கலந்து விற்பதை அரசு தடுக்க வேண்டும். 'விவாகரத்தானவர்' என்ற வரிக்கு எதிரே, நீதிமன்றத் தீர்ப்பின் நகல் பார்க்கப்பட்டதா, அவர் சொன்னது மட்டும்தானா என்று எழுதியிருக்க வேண்டும். வேலைக்கும் வருமானத்துக்கும் அப்படியே. வெற்றிடங்கள் வெளியே தெரிந்தால் சந்தா குறையும் என்ற தயக்கம் நிறுவனங்களுக்கு இருக்கலாம். அது பெண்ணைப் பெற்றவர்கள் சுமக்க வேண்டிய கவலையல்ல.

குடும்பங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலியில் கைப்பேசி எண்ணை மறைத்துவிட்டு, ஜாதகத்தின் முதல் பக்கத்தை அப்படியே படமெடுத்து அனுப்புகிறோம். பிறந்த தேதி, நேரம், ஊர், பெற்றோர் பெயர் என எல்லாமே அதில் இருக்கிறது. வங்கியின் பெயரால் பேசி ஏமாற்றுபவனுக்கு இவ்வளவு போதும். அதை யாரோ ஒரு சித்தப்பா சாதிசனத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், பிறகு திரும்ப வாங்க முடியாது. பத்துப் பொருத்தம் பார்க்க நட்சத்திரம், பாதம், ராசி தெரிந்தால் போதும். செவ்வாய் தோஷம் பார்க்க வேண்டுமென்றால் கட்டத்தை மட்டும் அனுப்பலாம். மற்றவை நேரில் பார்த்துப் பேசிய பிறகு. ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலைக் கொடுக்கலாம்.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்று ஒருவர் வருகிறார், வீடியோ அழைப்பைத் தட்டிக்கழிக்கிறார், சில வாரங்களில் 'பரிசுப் பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, வரி கட்டுங்கள்' என்று இன்னொருவர் போனில் பேசுகிறார். பணம் கேட்ட நொடியே அது மோசடி. பணம் போயிருந்தால், வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் அன்றே இணைய மோசடி உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும், முடக்கிவைக்க எதுவும் மிஞ்சாது.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையை வகுத்துள்ளது. நிச்சயமானதும் பதிவை நீக்கச் சொன்னால், படமும் ஜாதகமும் ஆவண நகலும் அழிக்கப்பட்டதாகவும், சட்டப்படி எதையாவது வைத்திருந்தால் எவ்வளவு காலத்துக்கு என்றும் நிறுவனங்கள் எழுத்தில் தரட்டும்.