ராத்திரி 10 மணி டின்னர்... அதனாலதான் தொப்பையா? ஆய்வுகள் சொல்வது என்ன?

‘ராத்திரி எட்டு மணிக்கு மேல சாப்பிட்டா அப்படியே கொழுப்பா மாறிடும்’, ‘காலை டிபனை விட்டா மெட்டபாலிசம் படுத்துடும்’. எடை குறைக்கக் கிளம்பும் யாரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் இரண்டு அறிவுரைகள் இவை. ஆபீஸ் முடிந்து வீடு வந்து சேரவே ஒன்பதரை ஆகிவிடுகிறவர்கள் என்னதான் செய்வது? ஒரே அளவு கலோரியைச் சாப்பிட்டாலும், சாப்பிடும் நேரத்தை மாற்றினால் கொழுப்பு கூடுதலாகக் கரையுமா?

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகம். அதன் முடிவுகள் 2022-ல் வெளியாயின. அதிக எடை கொண்ட 30 பேருக்கு நான்கு வாரம் காலையில் பெரிய சாப்பாடு, ராத்திரி சின்ன சாப்பாடு. இடைவெளி விட்டு, அதே ஆட்களுக்கு அடுத்த நான்கு வாரம் அதைத் தலைகீழாக்கினார்கள். முதல் முறையில் அன்றைய கலோரியில் 45% காலையில், 35% மதியம், 20% இரவில். இரண்டாவதில் 20, 35, 45. மொத்த கலோரி இரண்டிலும் ஒன்றுதான். சாப்பாட்டையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்தார்கள்.

எடை எவ்வளவு குறைந்தது? காலையில் அதிகம் சாப்பிட்டபோது சுமார் 3.3 கிலோ, இரவில் அதிகம் சாப்பிட்டபோது சுமார் 3.4 கிலோ. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். உடல் ஒரு நாளில் எரிக்கும் மொத்த கலோரியையும் அளந்தார்கள். அதிலும் மாற்றம் இல்லை.

‘இது சாப்பாட்டின் அளவைத்தானே மாற்றியது, கடிகார நேரத்தை இல்லையே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. 41 பேர், 12 வாரம். ஒரு குழு 10 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்தது. அதிலும் 80% கலோரியை மதியம் ஒரு மணிக்கு முன்பே. இன்னொரு குழு பாதிக்கு மேல் மாலை ஐந்து மணிக்குப் பிறகு சாப்பிட்டது. கலோரி சமம். சீக்கிரம் சாப்பிட்டவர்கள் சராசரியாக 2.3 கிலோவும், மற்றவர்கள் 2.6 கிலோவும் குறைந்தார்கள்.

அப்போ நேரம் முக்கியமே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அபர்தீன் ஆய்வில் எடை மாறவில்லை, ஆனால் பசி மாறியது. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட வாரங்களில் நாள் முழுக்கப் பசி குறைவாக இருந்தது. அதே 2022-ல் பாஸ்டனில் 16 பேரிடம் நடந்த ஆய்வில், அதே உணவை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி கூடியது. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைந்தது. விழித்திருக்கும் நேரத்தில் உடல் எரிக்கும் கலோரியும் சுமார் 60 குறைந்தது. 60 கலோரி என்றால் ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய். ஆனால் இது சில நாள் ஆய்வு. எடை குறைகிறதா என்று பார்க்கும் அளவுக்கு நீளமானது இல்லை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆய்வில் சாப்பாட்டை யாரோ அளந்து கொடுத்தார்கள், பசித்தாலும் கூடுதலாக எடுக்க வழியில்லை. வீட்டில் அப்படி இல்லை. ஒருவர் தினமும் 1,700 கலோரி என்று முடிவு செய்து, காலை டிபனை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 350 கலோரி மிச்சம். பதினோரு மணிக்குப் பசி கிள்ளுகிறது. சர்க்கரை போட்ட டீயும் இரண்டு வடையும் உள்ளே போகின்றன. மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது. ராத்திரி பத்தரை மணிக்கு அகோரப் பசியில் இரண்டு தோசைக்குப் பதில் நான்கு. எடை ஏறினால் குற்றவாளி கடிகாரம் இல்லை, கூடுதலாகப் போன அந்த இரண்டு தோசைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வாரம் வழக்கமான நேரத்தில், அடுத்த இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டில் ஒரு பகுதியைக் காலைக்கு மாற்றி. தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடலாம். ராத்திரி லேட்டாகச் சாப்பிட்ட மறுநாள் எடை கூடிக் காட்டுவது பெரும்பாலும் உப்பும் நீரும் செரிக்காத உணவும்தான், கொழுப்பு இல்லை. கூடவே, திட்டத்தில் இல்லாமல் எந்த நேரத்தில் கை நொறுக்குத்தீனிக்குப் போனது என்பதையும் குறித்துக்கொண்டால் போதும். அந்த எண்ணிக்கை குறையும் நேர அட்டவணைதான் அவருக்கானது. சிலருக்கு அது காலை டிபன் இல்லாத நாளாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டை விடக் கூடாது. அவர்களுக்கு நேரம் என்பது தொப்பை விவகாரம் இல்லை, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் ஆபத்து.